பணிநியமன ஆணையின் கடைசிப் பக்கம்

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி, தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேறக் கூடாது என்று ஒரு பணிநியமன ஆணையால் தடுத்துவிட முடியுமா? முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. மும்பை உயர் நீதிமன்றம் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படித் தடுக்க முயன்ற ஒரு நிறுவனத்திற்கு ஐந்து லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது. இருந்தும் அந்த வாசகம் ஒவ்வொரு புதிய ஆணையின் கடைசிப் பக்கத்திலும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. செல்லாது என்று தெரிந்த வாசகத்தை ஒருவர் மீண்டும் மீண்டும் எழுதுகிறார் என்றால், அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக எழுதப்படுவதில்லை. நீதிமன்றம் வரை யாரும் வராமல் பார்த்துக்கொள்வதற்காக எழுதப்படுகிறது. இந்த வாசகத்தின் அரசியல் அதுதான்.

பங்காருபேட்டையும் கோலார் தங்கவயலும் இதைப் பற்றிக் கவலைப்படத் தனிக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு அந்த ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை என்பது பெங்களூரு என்றாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்தும் விடியலுக்கு முன்பே புறப்படும் ரயில்கள், ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் அந்த நகரத்திற்கு ஏற்றிச் செல்கின்றன. தாத்தாவுக்குச் சுரங்கத்தில் ஒரே முதலாளி இருந்தார். பக்கத்தில் சங்கம் இருந்தது. பிணக்கு வந்தால் அது எல்லோருடைய பிணக்காகவும் இருந்தது. பேரனுக்கும் பேத்திக்கும் கிடங்கு, அழைப்பு மையம், பொருள் விநியோகம், மென்பொருள் சேவை என்று வெவ்வேறு முதலாளிகள். கையில் இருப்பது கணினித் திரையில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய ஓர் ஆணை மட்டுமே. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள், இன்று தாங்கள் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று படிக்கக்கூட நேரம் தரப்படாமல் ஒப்புதல் தருகிறார்கள்.

அந்த வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இந்தப் பணி தொடர்பாக எழும் எல்லாப் பிணக்குகளும் ஆர்பிட்ரேஷனுக்கே, அதாவது தனியார் நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கே விடப்படும், அந்த நடுவரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிப்பார், விசாரணை நிறுவனத்தின் தலைமையகம் உள்ள ஊரில் நடக்கும், நடுவரின் முடிவு இறுதியானது. நான்கு வரிகள்தான். ஆனால் அந்த நான்கு வரிகளும் எதைப் பறிக்கின்றன என்பதைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ‘கோர்ட்டுக்குப் போகாமல் வேறோர் இடத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதில் என்ன குற்றம்’ என்று கேட்பவர்கள் உண்டு. இடம் மாறுவது மட்டும்தான் என்றால் குற்றம் பெரிதில்லை. இங்கே மாறுவது கிடைக்கக்கூடிய நிவாரணம்.

ஒரு தொழிலாளி நியாயமின்றி நீக்கப்பட்டால், தொழிலாளர் நீதிமன்றத்திற்கு ஓர் அசாதாரண அதிகாரம் உண்டு. நீக்கம் தவறு என்று கண்டால் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தும்படி அது ஆணையிடலாம். இடைக்காலச் சம்பளத்தையும் கொடுக்கச் சொல்லலாம். குற்றம் உண்மையாகவே இருந்தாலும் தண்டனை மிகை என்று கண்டால், நீக்கத்தை ரத்து செய்து சிறிய தண்டனையாகக் குறைக்கலாம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11அ பிரிவு தந்த அதிகாரம் இது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாண்டி, எது நியாயம் என்று கேட்கும் அதிகாரம் இது.

தனியார் நடுவருக்கு இந்த அதிகாரம் இல்லை. 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி அவர் ஒப்பந்தத்தின் விதிமுறைகளைக் கருத்தில் கொண்டே தீர்ப்பளிக்க வேண்டும். ஒப்பந்தம் ‘ஒரு மாத அறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுத்து யாரையும் நீக்கலாம்’ என்று சொல்லும். அந்த ஒரு மாதச் சம்பளத்தோடு நடுவரின் கணக்கு முடிந்துவிடும். தனிமனிதரின் சேவைக்கான ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாது என்பது உரிமையியல் சட்டத்தின் பழைய விதி. அந்த விதிக்கு விலக்காகத்தான் தொழிலாளர் சட்டமே பிறந்தது. ஆக, அந்தக் கடைசிப் பக்க வாசகம் தொழிலாளியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்திற்கு அனுப்புவதில்லை. தொழிலாளர் சட்டம் பிறப்பதற்கு முந்தைய காலத்திற்கே அனுப்பிவைக்கிறது.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைப் பார்த்தே முடிவெடுத்தன. கர்நாடகத்தின் வழக்கு பெங்களூருவின் இன்னோவிட்டி எம்பெடட் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தைப் பற்றியது. நீக்கப்பட்ட ஊழியர், கர்நாடகம் தொழில் தகராறுச் சட்டத்தில் தனியாகச் சேர்த்த 10(4-அ) பிரிவைப் பயன்படுத்தி நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் சென்றார். அரசின் பரிந்துரைக்காகக் காத்திராமல், நீக்க ஆணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் தொழிலாளியே மனு செய்யலாம் என்றது அந்தப் பிரிவு. நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி, நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி வழக்கை நடுவருக்கு அனுப்பக் கோரியது. தொழிலாளர் நீதிமன்றமும் அந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றம்தான் அதைத் திருத்தியது. தொழில் தகராறுச் சட்டம் தானே முழுமையான ஓர் அமைப்பு. அதன் கீழ் எழும் பிணக்குக்கு 8ஆம் பிரிவு பொருந்தாது என்றது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது வெற்றியை மட்டுமல்ல. தொழிலாளிக்காகவே அமைக்கப்பட்ட ஒரு நீதிமன்றம், தன் கதவைத் தானே சாத்திக்கொள்ள முதலில் தயாராக இருந்தது. அந்த வாசகத்திற்கு நீதிபதியே பணிந்துபோக முடியும் என்றால், மாதம் இருபதாயிரம் சம்பளக்காரர் பணிந்துபோவதில் வியப்பில்லை.

கிங்ஃபிஷர் விமான நிறுவனம் சம்பளம் கொடுக்காமல் நிறுத்தியபோது, அதன் விமானிகளும் பிற ஊழியர்களும் தொழிலாளர் நீதிமன்றம் சென்றார்கள். அங்கும் அதே வாசகம் காட்டப்பட்டது. 2012இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. தொழிலாளர் பிணக்கு என்பது இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டுமல்ல. அதில் பொதுநலன் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்க்கச் சட்டமன்றம் தனி மன்றங்களை அமைத்து, அவற்றுக்குத் தனி அதிகாரங்களையும் தந்திருக்கிறது. அதை இரண்டு பேர் கையெழுத்திட்டு இடம் மாற்ற முடியாது. நடுவர் தீர்ப்புச் சட்டமேகூட, சில பிணக்குகளை நடுவரிடம் விடக் கூடாது என்று வேறு சட்டம் கருதினால் அதில் தான் குறுக்கிடுவதில்லை என்று தன் 2(3) பிரிவில் ஒப்புக்கொள்கிறது.

மூன்றாவது வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. இந்த வாசகம் நடைமுறையில் எப்படி ஓர் ஆயுதமாகப் பயன்படுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது அதுதான். ஹூண்டாய் ஆட்டோஎவர் இந்தியா நிறுவனத்தில் உதவி மேலாளராக இருந்த ஒருவர், கொரோனா காலத்தில் அலுவலகம் திரும்புவது குறித்த பிணக்கில் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். அவர் சட்டம் காட்டிய இரண்டு வழிகளிலும் சென்றார்: வரவேண்டிய சம்பளத்திற்காகச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் அதிகாரியிடமும், நீக்கத்திற்காகத் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழும். நிறுவனம் சம்பள அதிகாரியிடம் ஒப்பந்தத்தின் நடுவர் வாசகத்தைக் காட்டியது. அங்கே அது எடுபடவில்லை. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, நடுவர் ஒருவரை நியமிக்கும்படி கேட்டது. உயர் நீதிமன்றம் நியமித்தும் விட்டது.

நிறுவனம் அங்கே முன்வைத்த பிணக்கு, ஊழியர் ரகசியக் காப்பு நிபந்தனையை மீறினார் என்பது. உச்ச நீதிமன்றம் கோப்பைத் திறந்து பார்த்தது. சம்பளமும் நீக்கமுமே உண்மையான பிணக்கு. அவை இரண்டும் சட்டம் தனி மன்றங்களிடம் ஒப்படைத்தவை. அந்த மன்றங்களைத் தாண்டிச் செல்வதற்காகவே இந்த மனு போடப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. 2024 டிசம்பர் 11 அன்று நடுவர் நியமனத்தை ரத்து செய்து, சட்ட வழிமுறையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக ஐந்து லட்சம் ரூபாயை ஊழியருக்குக் கொடுக்கும்படி ஆணையிட்டது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் நீக்கத்திற்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த நான்கு ஆண்டுகளின் முடிவில் அவருக்குக் கிடைத்தது, எந்த மன்றத்தில் வழக்கு நடக்க வேண்டும் என்பதற்கான விடை. நீக்கம் சரியா தவறா என்ற கேள்வி அப்போதும் அப்படியே இருந்தது. செல்லாத வாசகத்தின் பயன் இதுதான்: தோற்றாலும் அது காலத்தை வாங்கிக் கொடுக்கிறது. காலம் நிறுவனத்திற்குச் செலவு, தொழிலாளிக்குப் பசி.

இனி, இந்த வாசகம் எப்போது செல்லும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘எந்த ஊழியரையும் இது கட்டுப்படுத்தாது’ என்று பரப்புவதும் ‘கையெழுத்துப் போட்டால் போச்சு’ என்று பயமுறுத்துவதும் ஒரே அளவு கேடானவை. எல்லைக்கோடு ‘தொழிலாளி’ என்ற சொல்லின் சட்டப் பொருளில் இருக்கிறது. உண்மையாகவே மேலாண்மைப் பணியில் இருப்பவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். அவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இல்லை, உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே நடுவர் வாசகம் முழு வலிமையோடு நிற்கும். ஊக்கத்தொகை, நிறுவனப் பங்குரிமை, ரகசியக் காப்பு, போட்டி நிறுவனத்திற்குச் செல்லாமை போன்ற பிணக்குகளில் உயர்நிலை அலுவலர்களை நீதிமன்றங்கள் வழக்கமாக நடுவரிடமே அனுப்புகின்றன. இதில் குறை காண அதிகமில்லை. வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கக்கூடியவர், தன் சொல்லுக்குக் கட்டுப்படட்டும்.

இன்னொரு சூழலிலும் வாசகம் செல்லும். அது தொழிலாளியே அறியாமல் விழும் குழி. தொழிலாளர் மன்றத்திற்கோ சம்பள அதிகாரியிடமோ போக வேண்டியவர், யாரோ சொன்னதைக் கேட்டு, நட்டஈடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், அவர் தன் காப்பரணை விட்டுத் தானே வெளியே வந்தவராகிறார். அங்கே நிறுவனம், தன் முதல் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள் 8ஆம் பிரிவைக் காட்டினால், நீதிபதி பெரும்பாலும் நடுவரிடம் அனுப்பிவிடுவார். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதே பாதி வழக்கு.

நிறுவனங்கள் இந்த எல்லைக்கோட்டை நன்றாக அறிந்திருக்கின்றன. அதனால்தான் பதவிப் பெயர்கள் வீங்கிக்கொண்டே போகின்றன. பொட்டலம் எண்ணுபவர் ‘செயல்பாட்டு நிர்வாகி’. தொலைபேசியில் பதில் சொல்பவர் ‘வாடிக்கையாளர் உறவு மேலாளர்’. பெயரில் மேலாளர் வந்ததும் தான் தொழிலாளி இல்லை என்று அவரே நம்பிவிடுகிறார். ஆனால் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. அன்றாடம் முதன்மையாகச் செய்யும் வேலையைப் பார்க்கின்றன. பிறருக்கு விடுப்பு அனுமதிக்கிறாரா? ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உண்டா? பிறர் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா? இவை இல்லையென்றால், அழைப்பு அட்டையில் என்ன அச்சாகியிருந்தாலும் அவர் தொழிலாளியாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

சம்பள வரம்பைப் பற்றியும் ஒரு பொய் உலவுகிறது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் தொழிலாளி இல்லை என்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் அந்த எண் இருப்பது உண்மை. பழைய சட்டத்தில் அது 10,000. ஆனால் இரண்டு சட்டங்களிலும் அந்த வரம்பு மேற்பார்வைப் பணியில் இருப்பவருக்கு மட்டுமே. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்து, செயல்பாடு ஆகிய பணிகளைச் செய்பவருக்கு வரம்பே கிடையாது. முப்பதாயிரம் வாங்கும் இயந்திர இயக்குநரும் தொழிலாளியே. பாதி உண்மையை மட்டும் சொல்லும் மனிதவளத் துறைகள் மீதிப் பாதியை ஏன் சொல்வதில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் துலங்கும். பங்காருபேட்டையிலிருந்து பெங்களூருவின் ஒரு கிடங்குக்கு நாள்தோறும் சென்றுவரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 22,000. பதவி ‘செயல்பாட்டு நிர்வாகி’; வேலை, வரும் பொருளைச் சரிபார்த்துக் கணினியில் பதிவது. மூன்றாண்டு முடிந்த நிலையில் ஒரு நாள் மின்னஞ்சலில் நீக்கம் வருகிறது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி: 66,000 ரூபாய். ஒப்பந்தத்தில் நடுவர் வாசகம் இருக்கிறது.

அவர் வாசகத்திற்குக் கட்டுப்பட்டால் என்ன ஆகும்? நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரு மாதிரிக் கட்டணத்தைத் தருகிறது. ஐந்து லட்சத்திற்கு உட்பட்ட பிணக்குக்கு 45,000 ரூபாய். ஒற்றை நடுவர் என்றால் இன்னும் கால் பங்கு கூடுதல். மொத்தம் 56,250. இரு தரப்பும் பாதிப் பாதி என்றால் அவர் பங்கு 28,125. பாக்கிச் சம்பளத்தைக் கேட்பதற்கே ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமாகக் கட்ட வேண்டும். அதற்குமேல் வழக்கறிஞர் செலவு, வெளியூர்ப் பயணம். முழு வெற்றி கிடைத்தாலும் அவர் வேலை திரும்பக் கிடைக்காது. தீர்ப்பு தவறாக இருந்தால் மேல்முறையீடும் இல்லை; மிகக் குறுகிய சில காரணங்களுக்காக மட்டுமே அதை ரத்து செய்யக் கோரலாம்.

வாசகத்தைப் புறந்தள்ளினால்? சம்பளத்திற்கு ஊதியத் தொகுப்பின் கீழ் உள்ள அதிகாரியிடம் மனு செய்யலாம். மூன்றாண்டு வரை காலம் உண்டு. பாக்கியோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நீக்கத்திற்குத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு செய்யலாம். அதை இரண்டாண்டுக்குள் செய்தாக வேண்டும். சமரசம் தோற்றால், அலுவலரின் அறிக்கை கையில் கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்திற்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வேலைக்குத் திரும்பும் கோரிக்கையே மையக் கோரிக்கை. ஆட்குறைப்பு என்றால், ஓராண்டுக்குமேல் தொடர்ந்து உழைத்தவருக்கு அறிவிப்பும் இழப்பீடும் தராமல் செய்த நீக்கம் சட்டத்தின் முன் நிற்பதே கடினம்.

நிறுவனம் சும்மா இருக்காது. தானே ஒரு நடுவரை நியமித்துவிட்டதாக அறிவிப்பு அனுப்பும். அதைக் குப்பையில் போடுவது பெரும் பிழை. ‘இந்தப் பிணக்கு நடுவரின் அதிகாரத்திற்கு உட்பட்டதல்ல; சட்டம் அமைத்த மன்றத்தில் நிலுவையில் உள்ளது; இந்த நியமனத்திற்கும் ஒப்புதல் இல்லை’ என்று எழுத்தில், தாமதமின்றிப் பதில் அனுப்ப வேண்டும். அதிகார எல்லை குறித்த ஆட்சேபணையைத் தன் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள் எழுப்ப வேண்டும் என்பது சட்டம். 2015இன் திருத்தம், நிறுவனத்தின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக அமரவே தடை விதிக்கிறது. வழக்கின் விளைவில் அக்கறை உள்ளவர் தனியொருவராக நடுவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் விதிக்கும் இந்தத் தகுதியின்மையைப் பிணக்கு எழுந்த பிறகு எழுத்தில் வெளிப்படையாக விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது போகும். அதனால்தான், ‘நடுவருக்குச் சம்மதம் என்று ஒரு வரி அனுப்புங்கள், பாக்கியை உடனே தீர்த்துவிடலாம்’ என்று நயமாக ஒரு மின்னஞ்சல் வரும். அந்த ஒரு வரியை எழுதாமல் இருப்பதே அறிவு. மேலாண்மைப் பணியில் இருப்பவருக்கும் இந்தக் காப்பு உண்டு. ஆனால் அவர் விஷயத்தில் விழுவது நடுவரின் நியமனம்தான், வாசகம் அல்ல. நீதிமன்றம் வேறொரு நடுவரை அமர்த்தும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. தொழிலாளர் நீதிமன்றங்களில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. நடுவர் ஓராண்டில் முடிக்கிறார். தொழிலாளிக்கு எது நல்லது என்கிறார்கள். தாமதம் உண்மை, அதை மறுப்பவர் நீதிமன்றத்தைப் பார்த்திராதவர். ஆனால் மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்பதற்காக நோயாளியைக் கடன்காரனின் வீட்டில் படுக்கவைப்பதில்லை. தாமதத்துக்கு மருந்து, காலியாகக் கிடக்கும் நாற்காலிகளை நிரப்புவது.

அதைவிட முக்கியமான மறுமொழி ஒன்று சட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. தொழிலாளர் சட்டம் நடுவர் தீர்ப்பை ஒருபோதும் வெறுத்ததில்லை. தொழில் தகராறுச் சட்டத்தின் 10அ பிரிவு, இரு தரப்பும் விரும்பினால் பிணக்கை நடுவரிடம் விடலாம் என்று 1956 முதலே அனுமதித்தது. புதிய தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் அங்கே ஒப்புதல், பிணக்கு எழுந்த பிறகு, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று இருவரும் அறிந்த நிலையில் தரப்படுவது. அந்த நடுவருக்குப் பொது நடுவர் தீர்ப்புச் சட்டம் பொருந்தாது என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. ஆக, எதிர்ப்பு நடுவருக்கு அல்ல. வேலை தேடி வந்தவரின் கையில் வேலையோடு சேர்த்து, இன்னும் பிறக்காத பிணக்குக்கான தீர்ப்பையும் திணிப்பதற்குத்தான் எதிர்ப்பு.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கவலையல்ல. கனடாவில் ஊபர் ஓட்டுநர் ஒருவர் தொடுத்த வழக்கில், பிணக்கு எதுவானாலும் நெதர்லாந்தில் நடுவர் முன் தீர்க்க வேண்டும், அதற்கு 14,500 அமெரிக்க டாலர் முன்கட்டணம் ஆகும் என்ற நிலை வெளிவந்தது. அந்தத் தொகை ஏறக்குறைய ஓர் ஓட்டுநரின் ஓராண்டு வருமானம். 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்தம் என்று தள்ளியது. அமெரிக்காவோ எதிர்த்திசையில் சென்றது. 2018இல் அதன் உச்ச நீதிமன்றம், ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து வழக்காடுவதைத் தடுக்கும் நடுவர் வாசகங்களையும் செல்லும் என்றது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வார்ப்பில் எழுதப்பட்ட ஆணை பெங்களூருவில் கையெழுத்துக்கு வரும்போது, கூடவே அந்த நாட்டின் சட்டம் வந்துவிடுவதில்லை. வருவது அந்த நாட்டின் அச்சம் மட்டுமே.

செய்யப்பட வேண்டியவை இரண்டு. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் ஒப்பந்தத்தில் பிணக்குக்கு முந்தைய நடுவர் வாசகம் செல்லாது என்பதைத் தொகுப்புச் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். மூன்று தீர்ப்புகளைத் தேடிப் படித்தால்தான் தெரியும் உரிமை, ரயிலில் நின்றுகொண்டே ஊர் திரும்புபவருக்கு உரிமை ஆகாது. அடுத்து, உச்ச நீதிமன்றம் ஒருமுறை விதித்த செலவைக் கீழ் மன்றங்களும் வழக்கமாக விதிக்க வேண்டும். செல்லாத வாசகத்தை எழுதுவதற்கு இன்று எந்தச் செலவும் இல்லை. அதை நம்பியவருக்கே எல்லாச் செலவும். அந்தக் கணக்கு தலைகீழாகும் நாளில், எந்தத் தீர்ப்பும் தேவைப்படாமலேயே கடைசிப் பக்கத்தின் அந்த நான்கு வரிகள் காணாமல் போகும்.